சுற்றுப்பாட்டு எழுதும் முறை

  

ஒரே பாட்டை மூன்று குழுவினர் பாடுகின்றனர். முதற்குழு முதல்வரியை முடித்து இரண்டாம் வரிக்குள் நுழையும்போது, இரண்டாங்குழு முதல்வரியைத் தொடங்குகிறது. முதற்குழு மூன்றாம் வரிக்குப் போகும்போது, இரண்டாங்குழு இரண்டாம் வரியிலும், புதிதாக நுழைந்த மூன்றாங்குழு முதல்வரியிலும் நிற்கின்றன. முடிந்தவர் நின்றுவிடுவதில்லை, மீண்டும் முதல்வரிக்கே திரும்புகின்றனர். மூன்று வரிகளும் ஒரே பொழுதில் ஒலிக்கின்றன. ஆனால் காதுக்கு இரைச்சலாக இல்லை, இனிமையாக இருக்கிறது. இத்தகைய பாட்டே சுற்றுப்பாட்டு என இங்குக் குறிக்கப்பெறுகிறது.

ஒருவர் பாட மற்றவர் திருப்பிப் பாடும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. கும்மியிலும் நடவுப்பாட்டிலும் அது நெடுங்காலமாக உண்டு. ஆனால் அங்கே முன்பாடியவர் வாய்மூடிய பின்னரே பின்பாடுவோர் தொடங்குவர். சுற்றுப்பாட்டில் முன்பாடியவர் வாய்மூடுவதில்லை. அந்த ஒரு வேறுபாடே பாட்டெழுதும் முறை முழுவதையும் மாற்றிவிடுகிறது.

மேலைநாட்டில் இவ்வகை மிகப் பழையது. கோடையின் வரவையும் குயிலின் கூவலையும் பாடும் ஆங்கிலச் சுற்றுப்பாட்டொன்று, 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த சுவடியில் உள்ளது. இரெடிங்கு நகரத் துறவிமடத்தைச் சார்ந்த அச்சுவடி இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. நால்வர் ஒருவர்பின் ஒருவராக நுழைந்து பாடவேண்டும் என்னும் குறிப்பும் அதிலேயே எழுதப்பெற்றுள்ளது. பின்னர் 1609ஆம் ஆண்டில் தாமசு இரேவன்சுகிராப்டு என்பார் இத்தகைய பாட்டுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் முதன்முதலாக அச்சிட்டார். பிரெஞ்சு நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய, உறங்கும் துறவியை மணியடிக்க எழுப்பும் பாட்டும் இவ்வகையினதே.

அந்தப் பிரெஞ்சு மெட்டிலேயே தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்பிக் குழந்தைகளைப் பாடவைப்பாரும் உளர். அதில் நேரும் கேட்டை முதலில் காணவேண்டும். அம்மெட்டின் முதல் நான்கு ஒலிகளும் ஒரே அளவின. அவற்றில் ‘கனியே வா’ என்னும் சொற்களை ஒலிக்கு ஓரெழுத்தாக வைத்தால், ‘க’ ஒரு முழுத்தட்டு, ‘னி’ ஒரு முழுத்தட்டு, ‘யே’ ஒன்று, ‘வா’ ஒன்று என அமையும். குழந்தை வாயில் அது ‘கானீயே வா’ என்றே வரும். குறில் நெடிலாகிவிட்டது, கனி போய்விட்டது. கல்லுக்கும் காலுக்கும், படுவதற்கும் பாடுவதற்கும் வேறுபாடு குறில் நெடிலில் மட்டுமே இருக்கும் மொழியில் இது சிறுபிழையன்று. ஒருவர் தனித்துப் பாடினாலாவது முன்பின் சொற்களைக் கொண்டு கேட்பவர் பொருளை ஊகித்துக்கொள்வார். மூன்று வரிகள் ஒருங்கே ஒலிக்கும் சுற்றுப்பாட்டிலோ, கேட்பவர் காதில் விழுவன ஆங்காங்கே சிதறிய சொற்களே. சிதறிய சொல்லும் சிதைந்த சொல்லாக இருந்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆகவே தமிழ்க் குழந்தைக்குச் சுற்றுப்பாட்டு வேண்டுமாயின், இசையையும் சொல்லையும் சேர்த்தே புதிதாக எழுதவேண்டும். அது கடினமன்று, ஆனால் எழுதும் திசை வேறு. மற்றப் பாட்டுகளை இடமிருந்து வலமாக எழுதுவர். சுற்றுப்பாட்டையோ மேலிருந்து கீழாக எழுதவேண்டும். வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு தட்டிலும் மூன்று வரிகளின் ஒலிகளும் தம்முள் பொருந்துகின்றனவா எனப் பார்த்துப் பார்த்து எழுதுவதே இதன் உயிர்நாடி.

பொருத்தம் என்பது யாது? ஏழு இசையொலிகளையும் பழந்தமிழர் நரம்பு என்றனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அவற்றின் பெயர்கள். பாடும்போது வழங்கும் எழுத்துகள் முறையே ச, ரி, க, ம, ப, த, நி என்பன. நின்ற நரம்பிலிருந்து எண்ணிவர, ஐந்தாவதைக் கிளை என்றும், நான்காவதைப் நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் சிலப்பதிகார உரைகள் வழி அறிகிறோம் என்பர் இசையறிஞர். அந்தப் பாகுபாடு பண்ணமைக்கும் நெறியைச் சார்ந்தது. பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும் சுற்றுப்பாட்டிலும் கிளையும் நட்பும் இனியனவே. ஆனால் இங்கே மூன்றாம் நரம்பும் ஆறாம் நரம்பும் பகையாவதில்லை. சவ்வும் கவ்வும் ஒன்றாக ஒலித்தால் காது மகிழ்கிறது. இங்கே உண்மையான பகை அடுத்த வீட்டு நரம்பே. சவ்வும் ரியும், ரியும் கவ்வும், பவ்வும் தவ்வும் ஒரே தட்டில் நெருங்கி நின்றால் உரசல் கேட்கும். கவ்வும் மவ்வும், நியும் மேற்சவ்வும் போல இடைவெளி இன்னும் குறுகியிருந்தால் உரசல் மிகும்.

இதனால் தொடக்கத்தில் எழுதுவோர்க்கு முல்லைப்பண்ணே ஏற்றது. இன்று மோகனம் என வழங்கும் அப்பண்ணில் ச, ரி, க, ப, த என ஐந்து நரம்புகளே உள்ளன. மிகக் குறுகிய இடைவெளிகள் அதில் இல்லை. எனவே குழந்தை எங்கேனும் தவறினும் பெருங்கேடு நேராது. அங்கேரி நாட்டு இசையாசிரியர் கோடாய் (1882–1967) குழந்தைகளின் இசைக்கல்வியை ஐந்து நரம்புப் பாட்டுகளிலிருந்தே தொடங்கச் சொன்னார். ஆயினும் ஐந்து நரம்பே போதும், எப்படி எழுதினாலும் பொருந்திவிடும் என எண்ணிவிடக்கூடாது. முல்லைப்பண்ணிலும் ச–ரி, ரி–க, ப–த என மூன்று அண்டைப்பகைகள் உள்ளன.

இனி, ஒரு சுற்றுப்பாட்டை எழுதியே பார்க்கலாம். மூன்று வரிகள், ஒவ்வொரு வரிக்கும் 8 தட்டுகள். ஒற்றைப்படைத் தட்டுகளான 1, 3, 5, 7 அழுத்தம் உடையவை. 2, 4, 6, 8 மெலிந்தவை. அழுத்தத் தட்டில் உரசல் இருத்தல் ஆகாது. மெலிந்த தட்டில் நொடிப்பொழுது கடந்துபோகும் உரசலைக் காது பொறுத்துக்கொள்ளும்.

முதலிற் செய்யவேண்டுவது, எந்தத் தட்டில் எந்த நரம்புக் கூட்டம் நிற்கலாம் என வரையறுப்பது. முதலிரு தட்டுகளுக்கு ச, க, ப. மூன்று நான்குக்கு க, த, மேற்ச. ஐந்து ஆறுக்கு ரி, ப. ஏழு எட்டுக்கு மீண்டும் ச, க, ப. பாட்டு வீட்டில் தொடங்கி, வெளியே சென்று, வீடு திரும்பும் அமைப்பு இது. மூன்று வரிகளும் இந்த ஒரே வழியில்தான் நடக்கவேண்டும். ஒரு வரி மட்டும் வேறுவழி போனால் மோதல் உறுதி.

அடுத்து, மூன்று வரிகளின் நடையும் வேறுவேறாக இருக்கவேண்டும். மூன்றும் ஒரே நடையில் சென்றால், குழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுற்று நடப்பதே கேட்பவர்க்குத் தெரியாது. ஆகவே முதல்வரி நீண்ட ஒலிகளாக, இரண்டு தட்டுக்கு ஒன்றாக நடக்கட்டும். இரண்டாம் வரி தட்டுக்கு ஒன்றாக நடக்கட்டும். மூன்றாம் வரி அரைத்தட்டு ஒலிகளும் கலந்து துள்ளட்டும்.

முதல்வரியின் இசை ச, க, ரி, ச என நான்கு நீள்ஒலிகள். இரண்டாம் வரியை முதலில் ப ப, த த, த ப, க என எழுதலாம். தவ்விலிருந்து பவ்வுக்கும் பவ்விலிருந்து கவ்வுக்கும் இறங்கும் அழகான இறக்கம் அது. தனியே பாடினால் குற்றமில்லை. முதல்வரியோடு சேர்த்துப் பார்த்தாலும் குற்றமில்லை: ஐந்தாம் தட்டில் கீழே ரி, மேலே த, இரண்டும் கிளையுறவு. இரண்டு குழுவினரைக் கொண்டு பாடிப் பார்த்து ‘நன்று’ என விட்டுவிடுவாரும் உண்டு.

சிக்கல் மூன்றாம் வரி வரும்போது வெளிப்படும். மூன்றாம் வரியின் ஐந்தாம் தட்டில் ப நிற்கிறது. இரண்டாம் வரியின் த அதனோடு அழுத்தத் தட்டிலேயே உரசுகிறது. மூன்றாங்குழு நுழையும்வரை இப்பிழை ஒளிந்தே இருக்கும். அது நுழைந்து மூன்று வரிகளும் சேர்ந்தவுடன் அந்த ஓரிடத்தில் குழந்தைகளின் குரல் நடுங்கும். தவ்வில் நிற்கவேண்டிய பிள்ளைகள் தம்மையறியாமல் பவ்வுக்கு வழுக்குவர். குழந்தைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தவறினால், பிழை பெரும்பாலும் குழந்தையிடம் இல்லை. எழுதியவரின் தாளிலேயே இருக்கிறது.

திருத்தம் எளிது. இரண்டாம் வரியின் ஐந்தாம் ஆறாம் தட்டுகளை ‘த ப’ என்பதற்கு மாற்றாகப் ‘ப ரி’ என ஆக்கினால் போதும். இப்போது முழு அமைப்பும் இவ்வாறு நிற்கும். கோடு (–) முன்னைய ஒலி நீள்வதைக் குறிக்கும். ஒரே கட்டத்தில் ஈரெழுத்து இருந்தால் ஒவ்வொன்றும் அரைத்தட்டு. ச' என்பது மேல்நிலைச் ச.

தட்டு: 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8

முதல்வரி: ச | – | க | – | ரி | – | ச | –

இரண்டாம் வரி: ப | ப | த | த | ப | ரி | க | –

மூன்றாம் வரி: கக | கப | ச' | த | பப | பத | ப | –

இனிக் கட்டங்களை மேலிருந்து கீழாகப் படிக்கவேண்டும். முதல் தட்டில் ச, ப, க: மூன்றும் ஒரே குடும்பம். மூன்றாம் தட்டில் க, த, மேற்ச: பொருத்தம். நான்காம் தட்டில் க, த, த. ஐந்தாம் தட்டில் ரி, ப, ப. ஆறாம் தட்டில் ரி, ரி, அவற்றின்மேல் ப, த: ரியிலிருந்து ப நட்பு, த கிளை. ஏழாம் தட்டில் ச, க, ப என மூவரும் வீடு சேர்கின்றனர். அண்டைப்பகை எங்குமில்லை.

வரிகளின் இணைப்பும் பார்க்கவேண்டும். முதல்வரி சவ்வில் முடிய, இரண்டாவது பவ்வில் தொடங்குகிறது. குழந்தைக்கு எட்டும் ஏற்றம். இரண்டாவது கவ்வில் முடிய மூன்றாவது அதே கவ்வில் தொடங்குகிறது. மூன்றாவது பவ்வில் முடிய முதல்வரி சவ்வில் தொடங்குகிறது. இந்த இறுதி இணைப்பைப் பலர் மறந்துவிடுவர். அது சரியாக அமையாவிட்டால் பாட்டு ஒருமுறை ஓடும், சுற்றாது.

குரலின் எல்லை கீழ்ச்சவ்விலிருந்து மேற்சவரை. சவ்வை இரண்டு கட்டை அளவில் வைத்தால் சிறுவர் குரலுக்கு மேலும் கீழும் இடர் இராது. ஆண்குரலுக்கு ஏற்ற அளவில் ஆசிரியர் தொடங்கிவிட்டால், முதல்வரியின் கீழ்ச்ச குழந்தைகளுக்குக் கேளாமலே போய்விடும்.

இனிச் சொல்லுக்கு வருவோம் என எழுத்தாளர் எவரும் இசைமுடிந்தபின் சொல்லைத் தேடுவது வழக்கம். அவ்வாறு தேடும்போது கைகொடுப்பது தமிழ் யாப்பே. முதல்வரியில் ஒவ்வோர் ஒலியும் இரண்டு தட்டு நீள்கிறது. அங்கே நெடிலன்றி வேறெதுவும் நிற்கக்கூடாது. இரண்டாம் வரியில் தட்டுக்கு ஒரு நேரசை: நெடிலோ, ஒற்றடுத்த குறிலோ நிற்கலாம். மூன்றாம் வரியின் அரைத்தட்டு இணைகளில் இருகுறில் இணைந்த நிரையசை தானாகவே பொருந்தும். முழுத்தட்டுகளில் நேரசை நிற்கும். தட்டும் அசையும் இவ்வாறு ஒன்றிவிட்டால், குறிலை நீட்டவேண்டிய தேவையே எழாது.

முதல்வரிக்கு ‘மேலே பாராய்’. நான்கும் நெடில்கள், நான்கு நீள்ஒலிகளில் அமைதியாக அமர்கின்றன.

இரண்டாம் வரிக்கு முதலில் தோன்றக்கூடியது ‘வானில் கொண்டல் கூடுதே’ என்பது. வா, னில், கொண், டல், கூ, டு, தே என ஏழொலிக்கு ஏழு. எண்ணிக்கை சரி, ஆனால் ஆறாம் தட்டில் ‘டு’ என்னும் தனிக்குறில் ஒரு முழுத்தட்டைத் தாங்கவேண்டியுள்ளது. குழந்தைகள் அதைக் ‘கூடூதே’ என நீட்டிவிடுவர். யாப்பின்படியும் அச்சொல் கூ, டுதே என நேர், நிரையாகவே பிரியும். மூன்று நேரசை ஆகாது. ‘கூடிற்றே’ என மாற்றினால் கூ, டிற், றே என மூன்றும் நேர். ‘டிற்’ என்பதில் உள்ள ஒற்று தட்டை நிரப்பிவிடுகிறது; குறில் குறிலாகவே நிற்கிறது. சிறு மாற்றத்தில் பிழை நீங்கியது. ‘கொண்டல் கூடிற்று, இனி மழை’ எனப் பொருளும் செறிந்தது.

மூன்றாம் வரிக்குத் ‘துளிதுளியாய் நீர் பொழிகிறதே’. துளி, துளி, பொழி, கிற என நான்கு நிரைகளும் நான்கு அரைத்தட்டு இணைகளில் விழுகின்றன. யாய், நீர் என்னும் நேரசைகள் முழுத்தட்டில் நிற்கின்றன. ‘தே’ இறுதியில் நீள்கிறது. துளி விழும் விரைவு சொல்லிலேயே இருக்கிறது. இசை அதைத் தொடர்ந்து செல்கிறது, அவ்வளவே.

மேலே பாராய்

வானில் கொண்டல் கூடிற்றே

துளிதுளியாய் நீர் பொழிகிறதே

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும். ஒன்று, பொருளும் சுற்றவேண்டும். நீர் பொழிகிறது எனக் கேட்டவன் மீண்டும் மேலே பார்ப்பான். ஆகவே இறுதிவரியிலிருந்து முதல்வரிக்குத் திரும்புவது இயல்பாக இருக்கிறது. தொடக்கம், வளர்ச்சி, முடிவு எனச் செல்லும் கதைப்பாட்டைச் சுற்றுப்பாட்டாக ஆக்க இயலாது. மூன்று நிலைகளும் ஒரே பொழுதில் ஒலித்தால் கதை ஏது?

இரண்டு, வரியின் தொடக்க எழுத்துகள் வேறுவேறாக இருத்தல் நலம். மே, வா, து என்பன தம்முள் வேறுபட்டமையால், புதுக்குழு நுழைவது காதுக்குப் புலனாகிறது. அடிதோறும் மோனை அமைப்பது மற்றப் பாட்டுகளில் அழகு. இங்கே மூன்று வரியும் ‘மே’ என்றே தொடங்கினால் நுழைவு மறைந்துபோகும்.

மூன்று, வரியின் இறுதி நீளக்கூடியதாக இருக்கவேண்டும். ராய், றே, தே என்பன ஏழாம் தட்டில் ஒருங்கே ஒலித்து எட்டாம் தட்டு வரை நீள்கின்றன. ‘பாட்டு’, ‘காற்று’ போலக் குற்றியலுகரத்தில் வரி முடிந்தால், குறுகவேண்டிய உகரத்தைக் குழந்தை நீட்டிப் ‘பாட்டூ’ என்றாக்கிவிடும்.

எழுதியவர் தாம் ஒருவராகவே இருந்தாலும் ஆய்ந்துபார்க்க வழியுண்டு. கைப்பேசியில் முதல்வரியை மட்டும் நாலைந்து முறை பாடிப் பதிந்துகொண்டு, அதன்மேல் இரண்டாம் வரியைப் பாடிப் பார்க்கலாம். பின்னர் மூன்றாம் வரியை. அதன்பின் இரண்டாம் வரியைப் பதிந்து அதன்மேல் மூன்றாம் வரியைப் பாடவேண்டும். முன்சொன்ன தவ்வும் பவ்வும் உரசிய பிழை இந்த இறுதி ஆய்வில்தான் அகப்படும். மூன்று வரிக்கு மூன்று இணைகள், ஒன்றையும் விடுதலாகாது.

வகுப்பில் கற்பிக்கும் ஒழுங்கும் எழுதும் ஒழுங்கைப் போன்றே இன்றியமையாதது. முதலில் எல்லாக் குழந்தைகளும் முழுப்பாட்டையும் ஒரே குரலாகப் பாடப் பழகவேண்டும். ஆசிரியர் துணையின்றி மும்முறை தொடர்ந்து சுற்றும்வரை பிரிக்கக்கூடாது. பிறகு குழந்தைகள் அனைவரும் முதற்குழுவாகப் பாட, ஆசிரியர் மட்டும் இரண்டாவதாக நுழைந்து பாடவேண்டும். மற்றொரு வரி காதில் விழும்போதும் தம் வரியை விடாமல் பாடும் பழக்கம் இதனால் வரும். அதன்பின்னரே இரண்டு குழு. அது நிலைத்தபின் மூன்று குழு. மூன்று வரிப் பாட்டில் நான்காம் குழுவைச் சேர்ப்பதில் பயனில்லை. அது முதற்குழு பாடும் வரியையே பாடும்.

குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், குழு பிரித்தது முந்திவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மற்றவரைக் கேளாமல் பாடுவதன்று சுற்றுப்பாட்டு. கேட்டுக்கொண்டே தன் வழியில் நிற்பது. இன்னோர் ஆய்வும் உண்டு. மூன்று குழுவும் பாடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் கைகாட்டி இரண்டு குழுக்களை நிறுத்தவேண்டும். எஞ்சிய குழு தன் வரியில், தன் நரம்பில் பிறழாது சென்றால் பாட்டு அவர்களுக்குள் இறங்கிவிட்டது எனலாம்.

விரைவு கூடிக்கொண்டே போவது மற்றொரு பொதுக்குறை. அரைத்தட்டுகள் நிறைந்த மூன்றாம் வரியைப் பாடும் குழுவே பெரும்பாலும் முந்தும். ஏழாம் தட்டில் மூன்று குழுவும் ஒன்றுசேர்கின்றனவா எனக் கேட்டால் அது தெரிந்துவிடும். ஆளுக்கொரு தட்டாகப் போடாமல், ஒருவர் மட்டுமே தட்டும்போது இக்குறை தணியும்.

முடிக்கும் முறை இரண்டு. ஒவ்வொரு குழுவும் மும்முறை பாடி, ஒன்றன்பின் ஒன்றாக ஓயலாம். ஒரு சுற்றுக்கு 24 தட்டுகளாக மும்முறைக்கு 72. மூன்றாங்குழு 16 தட்டு பிந்தி நுழைவதால் மொத்தம் 88 தட்டுகள். அவற்றுள் 17ஆம் தட்டு முதல் 72ஆம் தட்டு வரை மூன்று வரிகளும் ஒருங்கே ஒலிக்கும். தொடக்கத்திலும் இறுதியிலும் ஒரே குழு தனித்துப் பாடுவதால், பாட்டு மெல்லத் தோன்றி மெல்ல மறைவதுபோல் இருக்கும். மற்றொரு முறை, ஆசிரியர் கைகாட்டியவுடன் எல்லாரும் தத்தம் வரியின் இறுதியிலேயே நிற்பது. ஏழாம் தட்டில் ச, க, ப என மூன்றும் பொருந்தி நிற்குமாறு முன்பே எழுதியிருப்பதால் இதுவும் இயலும். அவ்வாறு எழுதப்பெறாத பாட்டில் முதல் முறையே ஏற்றது.

இவ்வகைப் பாட்டுக்கு எல்லைகளும் உண்டு. ஒரு நரம்பிலிருந்து மற்றொன்றுக்கு அசைந்தும் வளைந்தும் செல்லும் பண்ணசைவுகள் இங்கே பொருந்தா. ஒருவர் அசைவில் இருக்கும்போது மற்றவர் நேராக நின்றால் இரண்டும் கலங்கும். நரம்புகள் நேராக நிற்கவேண்டும். தமிழ்ப்பண்ணின் நுண்மையை இதில் தேடுதல் கூடாது. அதற்கு ஒற்றைக்குரல் பாட்டே இடம். சுற்றுப்பாட்டு குழந்தைக்குத் தருவது வேறொன்று: பிறர் வேறு பாடும்போதும் தன் சொல்லைச் சிதையாமல் பாடும் திறம்.

ஆசிரியப் பெருமக்களே! ஒரு தாளில் மூன்று வரி, எட்டுக் கட்டம் வரைக. நரம்புக் கூட்டத்தை முதலில் எழுதுக, பின்னர் வரிகளை, இறுதியிற் சொற்களை. சொல்லை இட்டபின் ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து, இங்கே குறில் நீள்கிறதா எனக் கேட்க. நீண்டால், குழந்தையின் நாவைத் திருத்தவேண்டா. அந்தச் சொல்லை மாற்றுக.